குடோனுக்கு இடம் தேடும்போது சரிவு, மண், ரோடு: மூணு ராஸ்டரையும் எந்த வழியில கூட்டுறது?

வேர்ஹவுஸுக்கு இடம் பாக்கணும்னு ஒரு வேலை வந்துச்சுன்னா பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். உயர மாடல் டவுன்லோட் பண்ணி சரிவு எடுத்தாச்சு, மண் ராஸ்டர் எடுத்தாச்சு, ரோட்டுலருந்து எவ்ளோ தூரம்னு ஒரு ராஸ்டரும் ரெடி. மூணையும் ஸ்கிரீன்ல வெச்சுக்கிட்டு "சரி, இப்ப இதை எப்படி ஒண்ணாக்கி எந்த இடம் முதல், எந்த இடம் ரெண்டாவதுன்னு சொல்றது"ங்கற இடத்துல தான் எல்லாரும் நிக்கறாங்க. ஏன்னா வழி ஒண்ணு இல்ல, மூணு இருக்கு. ஒரே டேட்டாவைப் போட்டாலும் மூணும் வேற வேற இடத்தைக் காட்டும்.

அந்த மூணு வழி என்னன்னா: ஒண்ணு, ஆமா-இல்லைன்னு வெட்டித் தள்றது. ரெண்டு, ஒவ்வொரு லேயரையும் கிளாஸ் கிளாஸா பிரிச்சு 1 முதல் 9 வரை மார்க் போட்டு வெயிட்டோட கூட்டுறது (வெயிட்டட் ஓவர்லேன்னு எல்லாரும் சொல்றது இதைத்தான்). மூணு, கிளாஸே பிரிக்காம அளவை அப்படியே 0-1க்கு மாத்தி கூட்டுறது.

உதாரணத்துக்கு ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி பெல்ட்டை எடுத்துக்கறேன். என்.எச். 44 மேலயே போகுது, கிருஷ்ணகிரியில சென்னை ரோடும் சேருது, அதனால குடோன் தேடறவங்களுக்கு இயல்பா கண்ணுல படற ஏரியா. அதோட பாறைக்குன்று, சமவெளி, ஏரி, பெரும்பாலும் செம்மண், அங்கங்க களிப்பான மண்ணுன்னு எல்லாமே கலந்து கிடக்கறதால மூணு லேயருக்கும் வேலை இருக்கு. இடங்களோட நம்பர் மட்டும் கணக்கு புரியறதுக்காக நானே எடுத்துக்கிட்டது.

## எதை வெச்சு எடை போடப் போறோம்

வழிகளுக்குள்ள போறதுக்கு முன்னாடி அளவுகோலைச் சொல்லிடறேன், இல்லைன்னா கடைசியில எது வசதியா இருக்கோ அதுதான் நல்லதுன்னு ஆயிடும்.

முதல்ல, கட்டவே கூடாத இடத்தை இந்த வழி வெளிய தள்ளுதா. ஏரி உள்வாய், காப்புக்காடு, புறம்போக்கு மாதிரி இடத்துக்கு நல்ல மார்க் வந்துச்சுன்னா அந்த மேப்பால பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது, நெருக்கமா இருக்கற இடங்களைப் பிரிச்சுக் காட்டுதா. நமக்கு வேணும்கறது ரேங்க். முப்பது இடத்துக்கும் ஒரே மார்க் வந்தா அது ரேங்க் இல்ல.

மூணாவது தான் எனக்கு ரொம்ப முக்கியம்: வெயிட்டுக்கு நிஜத்துல ஒரு அர்த்தம் இருக்கா. சரிவுக்கு 30, ரோட்டுக்கு 50னு போடறோம்ல, அதுக்கு உண்மையான பொருள் "ஒரு சதவீத சரிவைக் குறைக்க எத்தனை மீட்டர் ரோட்டை விட்டுக்குடுப்பே"ங்கறது. வெயிட்டுன்னா மாற்று விகிதம், அவ்ளோதான். அதை கேட்டா சொல்லத் தெரியலைன்னா 30ங்கறது சும்மா ஒரு நம்பர்.

நாலாவது, டேட்டா அந்த அளவு நுணுக்கத்தைத் தாங்குமா.

## மூணு வழிக்கும் பொதுவான முன்வேலை

இதுல தப்பு வந்தா எந்த வழி எடுத்தாலும் வீண், அதனால சுருக்கமா சொல்லிட்டுப் போறேன்.

உயர ராஸ்டரை முதல்ல மீட்டர் கணக்குல இருக்கற புரொஜெக்‌ஷனுக்கு மாத்தணும். டிகிரியில இருக்கும்போதே சரிவு எடுத்தா பல டூல்ல மேப் முழுக்க 89 டிகிரி பக்கம் வரும், பாத்தவுடனே தெரிஞ்சிடும். இந்தப் பெல்ட்டுல இன்னொரு குழப்பம் வேற இருக்கு. யூடிஎம் 43, 44 ரெண்டு ஸோனுக்கும் எல்லை 78 டிகிரி கிழக்கு தீர்க்கரேகை, அது சூளகிரியை ஒட்டியே போகுது, ஓசூர் ஒரு ஸோன் கிருஷ்ணகிரி இன்னொரு ஸோன். பயப்பட ஒண்ணும் இல்ல, EPSG:32643 இல்லைன்னா EPSG:32644 ஏதாவது ஒண்ணை எடுத்து எல்லா லேயரையும் அதுலயே வைங்க, எல்லைக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் போனாலும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் மாதிரிதான் பிழை வரும். லேயருக்கு ஒரு ஸோன்னு கலந்துடறதுதான் ஆபத்து.

```
gdaldem slope dem_utm.tif slope.tif -p
gdal_proximity.py road.tif dist.tif -distunits GEO
```

முதல் வரியில `-p` போட்டா தான் சரிவு சதவீதத்துல வரும், இல்லைன்னா டிகிரி. ரெண்டாவது வரியில `-distunits GEO` விட்டுட்டா தூரம் பிக்சல் எண்ணிக்கையில வரும், 2100 மீட்டர்னு வர வேண்டிய இடத்துல 70னு நிக்கும். அதை மீட்டர்னு நெனச்சு கூட்டினா எல்லா இடமும் ரோட்டுமேலயே இருக்கற மாதிரி ஃபுல் மார்க் வாங்கும். ரோடு லேயர் மேப்ல எங்க பாத்தாலும் ஒரே கலர்ல இருந்தா இதைத்தான் முதல்ல செக் பண்ணணும்.

## போட்டியில இருக்கற மூணு இடம்

புளியந்தோப்பு, ஏரிக்கரை, மாந்தோப்புன்னு கூப்பிடுவோம். மூணுலயும் 150 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம் உள்ள மனை வேணும், அதாவது ஒன்றரை ஹெக்டேர்.

| இடம் | சரிவு (%) | ரோட்டு தூரம், நேர்கோட்டுல (கி.மீ.) | மண்ணுல களி (%) |
|---|---|---|---|
| புளியந்தோப்பு | 4.8 | 2.1 | 28 |
| ஏரிக்கரை | 5.2 | 1.9 | 33 |
| மாந்தோப்பு | 2.3 | 2.9 | 26 |

வெயிட் எல்லா வழியிலயும் ஒண்ணே: சரிவு 30, ரோடு 50, மண் 20.

சரிவு எவ்ளோ செலவு வைக்கும்னு ஒரு கணக்கு முதல்லயே போட்டு வெச்சுக்கறது நல்லது, பின்னாடி திரும்பத் திரும்ப வரும். மேட்டுப் பக்கம் வெட்டி பள்ளத்துப் பக்கம் நிரப்பி சமம் பண்றோம்னு வெச்சா, வெட்ட வேண்டிய மண் = நீளம் × நீளம் × சரிவு × அகலம் ÷ 8. நம்ம மனைக்கு 1% சரிவுக்கு 150 × 150 × 0.01 × 100 ÷ 8, கிட்டத்தட்ட 2,812 கன மீட்டர். நம்ம ஊர் கணக்குல ஒரு யூனிட்னா 100 கன அடி, 2.83 கன மீட்டர், அப்ப சுமார் ஆயிரம் யூனிட். சரிவு ஒவ்வொரு சதவீதம் ஏறும்போதும் ஆயிரம் யூனிட் மண்ணைப் பெயர்த்து நகர்த்தணும், இது நேர்கோடா ஏறுது, எங்கயும் படி கிடையாது. (கட்டடத்தோட நீளப் பக்கத்தை சரிவுக்குக் குறுக்கா திருப்பி வெச்சா அதே மண் வேலை மூணுல ரெண்டு பங்கா குறையும், ராஸ்டருக்கு இது தெரியாது, இடத்தைப் பாக்கும்போது நாமதான் பாக்கணும்.)

## வழி 1: ஆமா-இல்லைன்னு வெட்டறது

சரிவு 5%க்குள்ள, ரோடு 2 கிலோமீட்டருக்குள்ள, களி 35%க்குள்ள. மூணுமே இருந்தா 1, ஒண்ணு தவறினாலும் 0. ராஸ்டர் கால்குலேட்டர்ல ஒரே வரி, அஞ்சு நிமிஷ வேலை.

நம்ம மூணு இடத்தையும் போட்டுப் பாருங்க. புளியந்தோப்பு 2.1 கிலோமீட்டர், அவுட். ஏரிக்கரை 5.2%, அவுட். மாந்தோப்பு 2.9, அதுவும் அவுட். ஒண்ணும் மிஞ்சல. சரி கொஞ்சம் தளர்த்துவோம்னு 6%, 3 கிலோமீட்டர்னு மாத்தினா மூணுமே உள்ள வந்துடும். ஒண்ணு எதுவுமே இல்ல, இல்லைன்னா எல்லாமே. போட்ட எல்லையைத் தாண்டி நூறு மீட்டர் தள்ளி இருக்கறதும் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கறதும் இதுக்கு ஒண்ணுதான், ரெண்டும் 0.

மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா, அந்த 5%, 2 கிலோமீட்டர் எல்லாம் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன நம்பரா இருக்கும், மேப்ல அதைப் பாக்கவே முடியாது, மேப் வந்துட்டா எல்லாரும் அதை நம்பிடுவாங்க.

ஆனா இந்த வழியை நான் ஒதுக்கவே மாட்டேன், காரணம் ஏரி. உயர மாடல்ல வறண்ட ஏரி உள்வாய் தான் ஏரியாவுலயே ரொம்ப சமமான இடம், கரை மேலயே ரோடும் ஓடும். அப்படி ஒரு இடத்துக்கு சரிவு 0.5%, ரோடு 0.3 கிலோமீட்டர், களி 48%னு வெச்சுக்குங்க. அடுத்து வரப்போற ரெண்டு வழியிலயும் இது நம்ம மூணு இடத்தையும் தூக்கி சாப்பிட்டு முதல் ரேங்க்ல நிக்கும், களிமண் இழுக்கறது வெறும் 20% வெயிட் தானே, மத்த ரெண்டும் ஈடு கட்டிடும். கூட்டல் வழியோட பிறவிக் குணமே இது, ஒண்ணுல முட்டை வாங்கினாலும் இன்னொண்ணு காப்பாத்திடும். இந்த வழியில மட்டும்தான் அந்த ஏரி உள்வாய் வெளிய போச்சு, அதுவும் ஏரிங்கறதால இல்ல, களி 48ங்கறதால. ஏரி, காடு, புறம்போக்கு, 12%க்கு மேல சரிவு, இதெல்லாம் தனி மாஸ்க்கா வரைஞ்சு முதல்லயே வெட்டிடணும். சட்டமோ இயற்கையோ "கூடாது"ன்னு சொல்ற விஷயத்துக்கு மார்க் போடறதே தப்பு.

புரோக்கர்கிட்ட இருந்து இருநூறு சர்வே நம்பர் வந்திருக்கு, நாளைக்குள்ள நாப்பதா குறைக்கணும்னாலும் இதுவே போதும்.

## வழி 2: 1 முதல் 9 வரை மார்க் போட்டு கூட்டுறது

பாடத்துலயும் வீடியோவுலயும் சொல்லிக் குடுக்கறது இது. ஆர்க்ஜிஐஎஸ்ல இதுக்குன்னே ஒரு டூல் இருக்கு, முழு எண் ராஸ்டர் மட்டும் வாங்கும், வெயிட் எல்லாம் சேர்ந்து 100 ஆகணும், "ரெஸ்ட்ரிக்டட்"னு ஒரு கிளாஸைக் குறிச்சா அந்த இடத்தை ஒதுக்கிடும். கியூஜிஐஎஸ்ல ரீகிளாஸிஃபை பண்ணிட்டு ராஸ்டர் கால்குலேட்டர்ல கூட்டிக்கலாம்.

கிளாஸ் இப்படின்னு வெச்சுக்குவோம். சரிவு 2%க்குள்ள 9, 5%க்குள்ள 7, 8%க்குள்ள 4, 12%க்குள்ள 2. ரோடு 1 கிலோமீட்டருக்குள்ள 9, 2க்குள்ள 7, 3க்குள்ள 5, 5க்குள்ள 3. களி 25%க்குள்ள 9, 35%க்குள்ள 6, 45%க்குள்ள 3, அதுக்கு மேல 1.

| இடம் | சரிவு | ரோடு | மண் | வெயிட்டோட கூட்டல் | டூல் குடுக்கறது |
|---|---|---|---|---|---|
| புளியந்தோப்பு | 7 | 5 | 6 | 5.8 | 6 |
| ஏரிக்கரை | 4 | 7 | 6 | 5.9 | 6 |
| மாந்தோப்பு | 7 | 5 | 6 | 5.8 | 6 |

டேபிள்ல கடைசி நெடுவரிசையைப் பாருங்க. அந்த டூல் விடையையும் முழு எண்ணா ரவுண்ட் பண்ணிடும், அதனால மூணும் 6. மேப்ல பெரிய பெரிய திட்டா ஒரே பச்சை கலர் தெரியும், எந்தத் திட்டுக்குள்ள போனாலும் ரேங்க் கிடையாது. ரவுண்ட் பண்ணாம பாத்தா ஏரிக்கரை முதல்னு வருது, ஆனா அது ஏன் முதல்ல வந்துச்சுன்னு உள்ள போய்ப் பாத்தா தான் விஷயம் புரியும்.

புளியந்தோப்பு 4.8%, ஏரிக்கரை 5.2%. வித்தியாசம் 0.4%, மண் வேலையில 400 யூனிட். அதுக்கு மூணு மார்க் போச்சு. புளியந்தோப்புக்கும் மாந்தோப்புக்கும் வித்தியாசம் 2.5%, 2,500 யூனிட் மண்ணு, அதுக்கு மார்க் வித்தியாசம் பூஜ்யம். ரோட்டுலயும் அதே கதை. 1.9க்கும் 2.1க்கும் 200 மீட்டர் வித்தியாசத்துக்கு ரெண்டு மார்க், 2.1க்கும் 2.9க்கும் 800 மீட்டருக்கு ஒண்ணும் இல்ல. அதாவது இங்க ரேங்கை முடிவு பண்ணது நிலம் இல்ல, கோடு எங்க போட்டோம்கறது. அந்த 5%ஐ 5.5%னு நகர்த்தினா கதையே மாறிடும்.

இன்னொரு மறைவான செலவு, 9, 7, 4, 2ங்கற மார்க்கும் ஒரு வெயிட் தான். வெயிட்டைப் பத்தி மீட்டிங்ல ஒரு மணி நேரம் பேசுவாங்க, ஏஎச்பி போட்டு ஜோடி ஜோடியா ஒப்பிட்டு கன்சிஸ்டன்சி ரேஷியோ 0.10க்குக் கீழ வந்துடுச்சுன்னு திருப்தி ஆயிடுவாங்க. அந்த ரேஷியோ சொல்றது நீங்க சொன்ன பதில்கள் ஒண்ணுக்கொண்ணு முரண்படலைங்கறது மட்டும்தான், பதில் சரிங்கறதை இல்ல. அதே நேரம் கிளாஸ் எல்லையையும் மார்க்கையும் ஒருத்தர் ராத்திரி தனியா உக்காந்து முடிவு பண்ணியிருப்பார், அது யார் கண்ணுக்கும் படாது. எனக்கு இது உண்மையிலயே வருத்தமா இருக்கும், ஏன்னா விடையைத் திருப்பறது பல நேரம் அந்த டேபிள்தான்.

அப்புறம் எப்ப இது நல்லது? டேட்டாவே கிளாஸா இருந்தா. மண் வரைபடத்துல "செம்மண், ஆழம் குறைவு", "கரிசல், ஆழம் அதிகம்"னு வகை பேர் தான் இருக்கும், அதை நேர்கோடா நீட்ட வழி இல்ல, மார்க் தான் போடணும். அதே மாதிரி சிவில் இன்ஜினியர், லாஜிஸ்டிக்ஸ்காரர், முதலாளி மூணு பேர் ஒரே டேபிள்ல உக்காந்து ஒவ்வொரு வரியா பேசி ஒத்துக்கணும்னா இந்த டேபிள் மாதிரி வசதியானது வேற இல்ல, அவங்களுக்கு ஃபார்முலா காட்டினா பேச்சே நின்னுடும்.

## வழி 3: அளவை அப்படியே 0-1க்கு மாத்தி கூட்டுறது

சரிவுக்கு 1 − சரிவு/12, ரோட்டுக்கு 1 − தூரம்/5, களிக்கு (50 − களி)/30. கீழ போனா 0, மேல போனா 1னு அடைச்சுடணும்.

```
gdal_calc.py -A slope.tif -B dist.tif -C soil01.tif -M mask.tif \
  --outfile=score.tif --type=Float32 \
  --calc="M*(0.3*numpy.clip(1-A/12,0,1)+0.5*numpy.clip(1-B/5000,0,1)+0.2*C)"
```

நாலு ராஸ்டருக்கும் அளவும் பிக்சலும் ஒண்ணா இருக்கணும். `soil01.tif` தான் களியை மேல சொன்ன ஃபார்முலாப்படி 0-1க்கு மாத்தின ராஸ்டர். `M` தான் நாம வழி 1ல வெட்டின மாஸ்க், கூடாத இடத்துக்கு 0. ஆர்க்ஜிஐஎஸ்னா வெயிட்டட் சம் டூல், அது தசம எண்ணையும் வாங்கும், ரவுண்ட் பண்ணாது.

| இடம் | சரிவு | ரோடு | மண் | மொத்தம் |
|---|---|---|---|---|
| புளியந்தோப்பு | 0.600 | 0.580 | 0.733 | 0.617 |
| மாந்தோப்பு | 0.808 | 0.420 | 0.800 | 0.613 |
| ஏரிக்கரை | 0.567 | 0.620 | 0.567 | 0.593 |

போன வழியில முதல்ல வந்த ஏரிக்கரை இதுல கடைசி. டேட்டா ஒண்ணு, வெயிட் ஒண்ணு.

இந்த வழி எனக்குப் பிடிக்கறதுக்குக் காரணம், மாற்று விகிதத்தை நேரா படிக்க முடியும். 1% சரிவு ஏறினா 0.3/12 = 0.025 போகுது. ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனா 0.5/5 = 0.1 போகுது. அப்ப 1% சரிவு = 250 மீட்டர் ரோடு. இப்ப இதை கான்ட்ராக்டர்கிட்ட கேக்கலாம்: "ஆயிரம் யூனிட் மண்ணை வெட்டி நிரப்பி உருட்டறதுக்கு எவ்ளோ, 250 மீட்டர் ரோட்டை டிரெய்லர் போற மாதிரி அகலம் பண்றதுக்கு எவ்ளோ?" ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னா வெயிட் சரி. மண் வேலை ரெண்டு மடங்குன்னா சரிவோட வெயிட்டை ரோட்டோட ஒப்பிட்டு ரெண்டு மடங்காக்கணும். இந்தப் பக்கத்துல கொஞ்சம் தோண்டினாலே பாறை வரலாம், பாறைன்னா மண் வெட்டற ரேட்டே இல்ல, அதை கணக்குல எடுக்காம வெயிட் போடாதீங்க.

இதுல ஒரு பெரிய குழி இருக்கு, நிறைய பேர் விழுந்துடறாங்க. அந்த 12ங்கற எண்ணை நாம யோசிச்சுப் போட்டோம். அதுக்குப் பதிலா "மினிமம்-மேக்ஸிமம் நார்மலைஸ்"னு ராஸ்டரோட அதிகபட்ச மதிப்பையே எடுத்துக்கிட்டா என்ன ஆகும்? மாவட்டத்துல குன்று இருக்கு, சரிவு 60%னு எங்கயோ ஒரு பிக்சல் இருக்கும்னு வைங்க. இப்ப 1% சரிவு = 0.3/60 = 0.005, அதாவது வெறும் 50 மீட்டர் ரோடு. வெயிட் இன்னும் 30னு தான் பேப்பர்ல இருக்கு, ஆனா சரிவோட பலம் அஞ்சுல ஒண்ணா போயிடுச்சு. யாரும் குடோன் கட்டப் போகாத ஒரு மலை உச்சி, கீழ சமவெளியில ரெண்டு மனைக்குள்ள யார் முதல்ங்கறதைத் தீர்மானிக்குது. படிக்கற ஏரியாவோட எல்லையைக் கொஞ்சம் பெருசாக்கினாலே ரேங்க் மாறுதுன்னா இதுதான் காரணம். அதனால வீச்சை டேட்டாகிட்ட கேக்காதீங்க, வேலைகிட்ட கேளுங்க: எந்தச் சரிவுக்கு மேல நான் எந்த விலைக்கும் எடுக்க மாட்டேன்? அதுதான் பூஜ்யம்.

இன்னொரு செலவு, மூணு தசம இடம் வரைக்கும் நம்பர் வந்து நிக்கறது. 0.617, 0.613. பாக்கறவங்க புளியந்தோப்பு ஜெயிச்சுதுன்னு எழுதிக்குவாங்க. வெயிட்டை 40, 40, 20னு மாத்தினா மாந்தோப்பு 0.651, புளியந்தோப்பு 0.619, ஏரிக்கரை 0.588. முதலிடம் மாறிடுச்சு. சரி, ஏரிக்கரை மட்டும் ரெண்டு தடவையும் கடைசி, அதை விட்டுடலாம்னு தோணும். அது அவசரம், ஏன்னு அடுத்து சொல்றேன்.

## டேட்டா தாங்குமாங்கற கேள்வி

மண்ணுக்கு நாம எல்லாரும் சுலபமா எடுக்கறது சாயில்கிரிட்ஸ், அதோட பிக்சல் 250 மீட்டர். (களி அளவு கிலோவுக்கு கிராம்ல இருக்கும், சதவீதம் வேணும்னா பத்தால வகுக்கணும், 280னு பாத்துட்டு குழம்பாதீங்க.) ஒரு பிக்சல் ஆறேகால் ஹெக்டேர், நம்ம மனை ஒன்றரை ஹெக்டேர். நாலு மனை சேர்ந்து ஒரே மண்ணு எண்ணைப் பகிர்ந்துக்குது, அதுவும் யாரோ அங்க தோண்டிப் பாத்த எண் இல்ல, மாடல் கணிச்சது. 30 மீட்டருக்கு ரீசாம்பிள் பண்ணினா பிக்சல் சின்னதாகும், அறிவு கூடாது. அப்படி இருக்கும்போது 28க்கும் 33க்கும் உள்ள வித்தியாசத்தை வெச்சு ஒரு நிலத்தை ஒதுக்க முடியுமா? முடியாது. அதனால மண்ணுக்கு மட்டும் நான் வழி 2க்குத் திரும்பிடுவேன்: 35%க்குள்ள ஒரு கிளாஸ், 45%க்குள்ள ஒண்ணு, அதுக்கு மேலன்னா டெஸ்ட் பண்ணாம தொடக்கூடாதுன்னு ஒரு குறி.

அப்படிப் பண்ணினா நம்ம மூணு இடத்துக்கும் மண் மார்க் ஒண்ணாயிடும், அதை விட்டுட்டு மீதி ரெண்டை மட்டும் கூட்டினா ஏரிக்கரை 0.480, புளியந்தோப்பு 0.470, மாந்தோப்பு 0.453. கடைசியில இருந்த ஏரிக்கரை திரும்ப முதல்ல! அதைக் கடைசிக்குத் தள்ளினது அந்த நிச்சயமில்லாத களி எண் மட்டும்தான்.

சரிவுலயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு, ஆனா சமாளிக்கலாம். 30 மீட்டர் உயர மாடல்ல சரிவு கணக்கு பண்றது சுத்தி இருக்கற எட்டு பிக்சலை வெச்சு, அதாவது 60 மீட்டர் தூரத்துல. அதுல 3 மீட்டர் பிசிறு இருந்தா 5% சரிவுன்னு காட்டும், சமமான நிலத்துலயும். மரத்தோப்பு இருந்தா மர உச்சியையும் சேத்து அளந்திருக்கும், நம்ம ரெண்டு தோப்புக்கும் இது பொருந்தும். அதனால ஒரு பிக்சலோட சரிவை எடுக்காம, மனைக்கு அந்தக் கோடியிலருந்து இந்தக் கோடி வரைக்கும் உள்ள சராசரி உயர வித்தியாசத்தை எடுங்க. தோப்போட ஓரத்துல மட்டும் சரிவு திடீர்னு ஏறி இறங்கினா அது மரம், மண் இல்ல.

ரோடு தான் எல்லாத்தையும் விட பெரிய விஷயம், இங்கதான் மேப்பும் லாரியும் சண்டை போடும். என்.எச். 44 மாதிரி நாலு வழி, ஆறு வழி ரோட்டுல நினைச்ச இடத்துல ஏற முடியாது, நடுவுல தடுப்பு, ஓரத்துல சர்வீஸ் ரோடு, அண்டர்பாஸ் இருக்கற இடம்தான் வாசல். பிராக்ஸிமிட்டி டூலுக்கு ரோடுன்னா கோடு, அந்தக் கோட்டோட எந்தப் புள்ளியும் வாசல்தான். அதனால நேர்கோட்டு தூர ராஸ்டரை விட்டுட்டு, ஏறி இறங்கற இடங்களை மட்டும் புள்ளியா வெச்சு, லாரி போற ரோடு வழியா தூரம் எடுக்கணும். GRASS ஜிஐஎஸ்ல r.cost போட்டு ஏரி, குன்றைக் கடக்க முடியாதுன்னு வெச்சாலும் ஆச்சு, நெட்வொர்க் கணக்கு போட்டாலும் ஆச்சு. உள்ள போற ரோடு 3.75 மீட்டர் அகல ஒற்றை லேன்னா எதிர்ல இன்னொரு லாரி வந்தா ஒதுங்க இடம் இருக்கான்னு தனியா பாக்கணும்.

நம்ம இடங்களுக்கு அப்படி எடுத்தா இப்படி வருதுன்னு வைங்க: புளியந்தோப்பு 2.1ங்கறது 2.6 ஆகுது, மாந்தோப்பு 2.9ங்கறது 3.3, ஏரிக்கரை 1.9ங்கறது 3.4. ஏன்னா நடுவுல ஏரி, சுத்திக்கிட்டுத்தான் போகணும். இப்ப சரிவும் ரோடும் மட்டும் கூட்டினா:

| இடம் | வெயிட் 30/50 | வெயிட் 40/40 |
|---|---|---|
| புளியந்தோப்பு | 0.420 | 0.432 |
| மாந்தோப்பு | 0.413 | 0.459 |
| ஏரிக்கரை | 0.330 | 0.355 |

ஏரிக்கரை இப்ப நெஜமாவே கடைசி, எந்த வெயிட் போட்டாலும் தூரமா பின்னாடி நிக்குது, காரணமும் தெளிவா சொல்லலாம், லாரி ஒன்றரை கிலோமீட்டர் சுத்தணும். முதல் ரெண்டுக்கும் நடுவுல இந்த டேட்டாவால தீர்ப்பு சொல்ல முடியாது.

## அப்ப எதை எடுக்கறது

| | வழி 1: வெட்டு | வழி 2: 1-9 மார்க் | வழி 3: 0-1 கூட்டல் |
|---|---|---|---|
| கூடாத இடத்தைத் தள்ளுதா | தள்ளும், குறி வெச்சதை மட்டும் | ரெஸ்ட்ரிக்டட் குறிச்சா மட்டும் | தானா தள்ளாது, மாஸ்க் வேணும் |
| நெருக்கத்தைப் பிரிக்குதா | இல்ல | கோடு போட்ட இடத்துல மட்டும் | பிரிக்கும், தேவைக்கு மேலயே |
| வெயிட்டுக்கு அர்த்தம் | வெயிட்டே இல்ல | மார்க் டேபிளுக்குள்ள ஒளிஞ்சிருக்கு | மீட்டர், யூனிட்ல படிக்கலாம் |
| எந்த டேட்டாவுக்கு | சட்டம், நீர்நிலை, காடு | மண் வகை, கரடுமுரடான டேட்டா | சரிவு, தூரம் |

மூணுல ஒண்ணைத்தான் எடுக்கணும்னு யாரும் சொல்லல. நான் பண்றது லேயருக்கு லேயர் வேற: கூடாத இடத்துக்கு வழி 1, சரிவுக்கும் ரோட்டுக்கும் வழி 3, மண்ணுக்கு ரெண்டு மூணு கிளாஸோட வழி 2. கிளையண்ட்டுக்கு ஒரே ஒரு டூல்ல மட்டும்தான் பண்ணித் தரணும்னு கட்டாயம் இருந்தா வழி 2 எடுங்க, ஆனா ஆர்க்ஜிஐஎஸ்ல மார்க் ராஸ்டரை வெயிட்டட் சம்ல போடுங்க, ரவுண்ட் ஆகாது, அதோட கிளாஸ் எல்லைகளை ஒரு தடவை அங்க இங்க நகர்த்தி எத்தனை இடம் முதல் பத்துலருந்து மாறுதுன்னு ரிப்போர்ட்லயே எழுதுங்க.

ரேங்க் எழுதும்போது 1, 2, 3னு போடாம கட்டு கட்டா குடுங்க. நம்ம கேஸ்ல முதல் கட்டுல புளியந்தோப்பும் மாந்தோப்பும், ரெண்டாவது கட்டுல ஏரிக்கரை. அந்த முதல் கட்டுக்கு அடுத்த வேலை கம்ப்யூட்டர்ல இல்ல. ரெண்டு நிலத்துலயும் மேட்டுப் பக்கம் ஒண்ணு, பள்ளத்துப் பக்கம் ஒண்ணுன்னு ஜேசிபி வெச்சு குழி எடுங்க. மேட்டுக் குழியில பாறை எந்த ஆழத்துல வருதுன்னு பாருங்க, வெட்டப் போறது அங்கதான், புளியந்தோப்புல 4.8%க்கு மேல் ஓரத்துல மூணரை மீட்டருக்கும் மேல வெட்டு வரும். பள்ளத்துக் குழியில எடுத்த மண்ணை லேபுக்கு அனுப்பி ஐஎஸ் 2720 பாகம் 40 படி ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ் எடுக்கச் சொல்லுங்க, தண்ணி பட்டா அந்த மண் எவ்ளோ உப்பும்னு அது சொல்லும், ஏன்னா நூத்தம்பது மீட்டர் நீள தரைக்குக் கீழ மண் ஒரு பக்கம் மட்டும் உப்பினா ரேக்கும் சாயும், ஃபோர்க்லிஃப்டும் ஓடாது.

புளியந்தோப்போட மேட்டுக் குழியில 1.5 மீட்டர்லயே பாறை தட்டினா சரிவு வெயிட்டை அந்தப் பாறை ரேட்டை வெச்சு திரும்பப் போடுங்க, அப்ப மாந்தோப்பு முன்னாடி வந்துடும்.